சம்பளமா, சூளையா?

(விருத்தாசலத்தில் இளைஞர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு வரும் வழியில் ஒரு தம்பி என்னை நிறுத்திக் கேட்டார். "அண்ணா, கம்பெனியில் 18,000 வாங்குகிறேன். மூன்று லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். வேலையை விட்டுவிட்டு ஊரிலேயே அகல் விளக்கு யூனிட் போடலாமா? அடுத்தவனிடம் கைகட்டி நிற்பதற்கு நாமே முதலாளி ஆகிவிடலாமே?" இரண்டு நிமிடத்தில் பதில் சொல்ல முடியாத கேள்வி. அதனால் அவரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இன்றைக்கு அவருடைய கணக்கைத்தான் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒன்று. நம் ஊருக்குப் பீங்கான் வந்தது தொழிற்பேட்டையாக, தொழில்நுட்பப் படிப்பாக. இது எந்தச் சாதியின் குலத்தொழிலும் இல்லை. அப்பன் பாட்டன் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. இங்கேயே பீங்கான் தொழில்நுட்பப் பட்டயம் படிக்கலாம். ஒரு யூனிட்டில் நான்கு வருடம் வேலை பார்த்தாலும் கை பழகிவிடும். ஆகவே தொழிலைக் கற்றுக்கொள்வதில் சாதி குறுக்கே நிற்பது குறைவு. அது எங்கே நிற்கிறது என்பதைக் கணக்கு போடும்போது காட்டுகிறேன்.

தம்பியின் கணக்குக்கு வருவோம். இவை நான் எடுத்துக்காட்டுக்காக வைத்துக்கொள்ளும் எண்கள். உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம், போடும் முறை இதுதான். தம்பிக்குச் சொந்தச் சூளை கிடையாது. வாடகைக் கொட்டகையில் பிளாஸ்டர் அச்சில் விளக்கு வார்க்கிறார். காயவைத்து, கிளேஸ் முக்கி, வேறொரு சூளையில் கூலி கொடுத்துச் சுட்டு வாங்குகிறார். உதவிக்கு இரண்டு பேர். மாதம் 20,000 விளக்கு வார்க்கிறார். வியாபாரி ஒரு விளக்கை 5 ரூபாய்க்கு எடுக்கிறார்.

மண்ணுக்கும் கிளேஸுக்கும் 14,000. சுடுகூலி 16,000. இரண்டு பேர் சம்பளம் 24,000. கொட்டகை வாடகையும் மின்சாரமும் 6,000. வைக்கோல், அட்டைப்பெட்டி, வண்டிக்கூலி 4,000. கூட்டினால் மாதம் 64,000 ரூபாய். நூறு விளக்கு வார்த்தால் 85 நல்லதாக வரும் என்று வைத்துக்கொண்டால், விற்கக்கூடியவை 17,000. ஐந்து ரூபாய் வீதம் 85,000. செலவு போக மிச்சம் 21,000.

தம்பியின் முகம் மலர்கிறது. சம்பளத்தைவிட மூவாயிரம் கூடுதல், முதலாளி என்ற பெயரும் உண்டு! பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் கணக்கை மூடிவைத்துவிட்டு ராஜினாமாக் கடிதம் எழுதுகிறார்கள். கணக்கில் இன்னும் மூன்று பக்கம் பாக்கி இருக்கிறது.

முதல் பக்கம் சேதாரம். நூற்றுக்கு 15 போகும் என்றோம். 25 போனால்? விற்க மிஞ்சுவது 15,000 விளக்கு, 75,000 ரூபாய். மிச்சம் 11,000 ஆகிவிடும். அதாவது சேதாரம் நூற்றுக்கு ஒன்று கூடினால் மாதம் ஆயிரம் ரூபாய் போகிறது. நூற்றுக்கு 36 போனால் அந்த மாதம் நீங்கள் சும்மா உழைத்தீர்கள். கம்பெனியில் பொருள் கெட்டால் மேஸ்திரி திட்டுவார், சம்பளம் வந்துவிடும். இங்கே உடைந்த ஒவ்வொரு விளக்கும் உங்கள் வீட்டு அரிசி.

அதனால் விரிசலைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தத் தொழில். சுட்ட விளக்கில் ஒரு விரிசல் இருக்கிறது. அதன் ஓரத்தைப் பாருங்கள். ஓரம் மழுங்கி, கிளேஸ் உருகி உள்ளே இறங்கியிருந்தால், கிளேஸ் உருகுவதற்கு முன்பே அது வெடித்திருந்தது என்று பொருள். காயும்போதோ சூடு ஏறும்போதோ நடந்த தவறு. மெல்லிய விளிம்பும் மூக்கும் முந்திக் காய்ந்து, தடித்த அடிப்பகுதி பிந்திக் காய்ந்தால் மூக்கோரம் கீறிவிடும். காற்று நேராக அடிக்காத இடத்தில் வைத்து, மேலே சாக்கு போர்த்தி மெதுவாகக் காயவைத்தால் குறையும். அதற்கு மாறாக ஓரம் கண்ணாடிச் சில்லுபோலக் கூர்மையாக இருந்தால், அது சுட்டு முடிந்து ஆறும்போது வெடித்தது. அவசரப்பட்டுச் சூளைக் கதவைத் திறந்திருப்பார்கள். கூலிக்குச் சுடும் இடத்தில் அடுத்த ஆளின் சரக்கு காத்திருக்கும். அதனால் அந்த அவசரம் உங்கள் கையில் இல்லை. ஆனால் உடைந்தது உங்கள் கணக்கில்தான் வரும். சுடுகூலியை ஒப்புக்கொள்ளும்போதே எத்தனை மணி நேரம் ஆறவிடுவார்கள் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இதோடு நம் ஊர் வானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளக்குக்குத் தேவை உச்சத்தில் இருப்பது ஐப்பசியில். வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அப்போதுதான். விளக்கு காயாது, வியாபாரி போன்மேல் போன் போடுவார். ஈரம் முழுதாகப் போகாததைச் சூளையில் ஏற்றினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகிச் சரக்கையே வெடிக்க வைத்துவிடும். அதிகம் விற்கும் மாதமும் அதிகம் உடையும் மாதமும் ஒன்றுதான். 15 என்று தொடங்கியவர் 25-க்குப் போவது பெரும்பாலும் அந்த மாதத்தில்தான்.

இரண்டாவது பக்கம் காலம். ஆடியில் வார்க்கத் தொடங்குகிறோம். ஆவணி, புரட்டாசி, ஐப்பசி வரை ஓடுகிறது. வியாபாரி சரக்கை எடுத்துக்கொண்டு போவார். "தீபம் முடியட்டும், வசூல் ஆனதும் தருகிறேன்" என்பார். நான்கு மாதம் மாதத்துக்கு 64,000 வீதம் போட்டால் 2,56,000. அந்த நான்கு மாதம் வீட்டுச் செலவு மாதம் 15,000 வீதம் 60,000. மொத்தம் 3,16,000. தம்பியின் சேமிப்பு மூன்று லட்சம். முதல் ரூபாய் திரும்பி வருவதற்கு முன்பே கையிருப்பு காலி, மேலும் 16,000 கடன். அச்சுக்கும் பலகைக்கும் முன்பணத்துக்கும் போட்ட தொகையை நான் இன்னும் சேர்க்கவே இல்லை. நட்டத்தில் மூடிய யூனிட்டுகளைவிட, கணக்கில் லாபம் இருந்தும் கையில் காசில்லாமல் மூடிய யூனிட்டுகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, 21,000 மிச்சம் பன்னிரண்டு மாதமும் வராது. தீபத்துக்கான ஓட்டம் ஐந்து மாதம் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் 1,05,000. மற்ற ஏழு மாதமும் பொம்மை, சில்லறை ஆர்டர் என்று செலவுக்கும் வரவுக்கும் சரியாகப் போனால், வருடத்துக்கு மிஞ்சுவது அந்த 1,05,000 மட்டுமே. தம்பியின் வருடச் சம்பளம் 2,16,000. முதலாளி ஆன வருடத்தில் வருமானம் பாதிக்கும் கீழே போகிறது. அதனால்தான் இந்தத் தொழிலில் காசு பார்த்தவர்கள் தீபத்தை மட்டும் நம்பியதில்லை. வருடம் முழுக்க ஓடும் ஒரு பொருளைப் பிடித்தார்கள். அதுவும் நிரந்தரமில்லை. வீட்டுக்கு வீடு பீங்கான் ஃப்யூஸ் கட்டை இருந்த காலம் ஒன்று உண்டு. எம்சிபி சுவிட்ச் வந்ததும் அந்தச் சந்தை சுருங்கிவிட்டது. பொருளை நீங்கள் நன்றாகச் செய்துகொண்டிருக்கும்போதே அதற்கான தேவை போய்விடும்.

மூன்றாவது பக்கம்தான் நாம் இங்கே கூடிப் பேசவேண்டிய பக்கம்.

தம்பி போலவே இன்னொருவர் அதே நாளில் யூனிட் தொடங்குகிறார். அதே மண், அதே அச்சு, அதே விலை. ஆனால் மண் கொடுப்பவர் அவருக்கு மாமன் முறை. சூளை வைத்திருப்பவர் அப்பாவுக்குப் பழக்கம். "தீபம் முடிந்து கொடுப்பா" என்று இருவரும் இரண்டு மாதக் கடனுக்கு விடுகிறார்கள். மண்ணும் சுடுகூலியும் மாதம் 30,000. இரண்டு மாதத்துக்கு 60,000 ரூபாய் அவர் கையிலிருந்து போகவே இல்லை. நம் தம்பியிடம் அதே மனிதர்கள் "முதல்ல ரொக்கம் வைங்க" என்பார்கள். கெட்ட வார்த்தை எதுவும் பேச மாட்டார்கள். டீ கூட வாங்கிக் கொடுப்பார்கள். அந்தத் தொழிலில் சாதி என்பது அந்த 60,000 ரூபாய்தான். வட்டிக்கு வாங்கி நிரப்பினால் அதற்குமேல் வட்டியும் சாதிதான்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். வெளியூர் வியாபாரி ஒருவருக்கு இரண்டு வருடம் சரக்கு அனுப்பினேன். போனிலேயே பேச்சு, நல்ல மரியாதை. மூன்றாம் வருடம் வசூலுக்கு நேரில் போனேன். "நீங்க விருத்தாசலத்துல எந்தத் தெரு?" என்று கேட்டார். சொன்னேன். அந்த வருடம் தீபம் முடிந்து மூன்றில் ஒரு பங்கு சரக்கு "உடைசல்" என்று திரும்பி வந்தது. பெட்டியைப் பிரித்தால் பாதிக்கு மேல் நல்ல விளக்கு, விற்காமல் மிஞ்சியது. தெருவைக் கேட்டதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. என்னிடம் பில்லும் இல்லை, கையெழுத்தும் இல்லை. அந்தக் கடனை அடைக்க மறுபடி இரண்டு வருடம் ஒரு யூனிட்டில் சம்பளத்துக்கு நின்றேன்.

இது எனக்கு மட்டும் நடந்ததில்லை. அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துவிட்டு 1917-இல் நாடு திரும்பினார். பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் பம்பாய் வந்தார். அங்கே பங்குச் சந்தை முதலீட்டு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அந்தத் தொழிலுக்கு அவரைவிடத் தகுதியானவர் அன்றைக்குப் பம்பாயில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவர் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள், தொழில் படுத்தது. அடுத்து அவர் செய்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. 1918-இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் வேலைக்குப் போனார். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார். அதோடு ஷாகு மகராஜின் உதவியும், நண்பர் கொடுத்த கடனும் சேர்ந்து 1920-இல் லண்டனுக்குத் திரும்பிப் படிப்பை முடித்தார். சம்பளம் அவருக்கு அடுத்த அடிக்கான கைமுதலாக இருந்தது. அதனால் மாதச் சம்பளத்தை அடிமைத்தனம் என்று பேசும் மேடைப் பேச்சாளரை நம்பாதீர்கள். அவர் விழுந்தால் பிடிக்க நிலம் இருக்கும். நாம் விழுந்தால் தங்கையின் கல்லூரிக் கட்டணம்தான் அறுந்துபோகும்.

சம்பளத்தோடு போவது என்னென்ன என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். வைப்பு நிதியில் உங்கள் பங்கு 12 விழுக்காடு போனால் கம்பெனியும் அதே அளவு போடுகிறது. மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐ மருத்துவம் இருக்கிறது, குடும்பத்துக்கும் சேர்த்து. யூனிட் போட்ட நாளில் இரண்டும் நின்றுவிடும். பீங்கான் தொழிலில் இது சின்ன விஷயமில்லை. மண் கலவையில் குவார்ட்ஸ் இருக்கிறது. அதன் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ், அதற்குக் குணமில்லை. சின்ன யூனிட்டில் முதலாளியே கலவை கொட்டுவார், முதலாளியே கூட்டிப் பெருக்குவார். ஈரத்துணியால் துடையுங்கள், உலர்ந்த துடைப்பம் போடாதீர்கள், தூசிக்கென்று உள்ள முகமூடி போடுங்கள். உங்களுக்கு மட்டுமல்ல, உங்களிடம் வேலைக்கு வரும் அந்த இரண்டு பேருக்கும் சேர்த்து.

அப்படியானால் தொழிலே வேண்டாம் என்கிறேனா? இல்லை. சம்பளத்தில் குடும்பம் நிமிரும், ஆனால் பெரும்பாலும் ஒரு தலைமுறைக்குச் சொத்து சேராது. பத்து வருடம் ஓடிய யூனிட்டுக்கு வாடிக்கையாளர் இருப்பார்கள், அச்சுகள் இருக்கும், வங்கியில் பெயர் இருக்கும். நீங்கள் ஒரு வாரம் படுத்தாலும் அது ஓடும். அந்த நிலைக்கு வந்த பிறகுதான் அதைச் சொத்து என்று சொல்ல முடியும். அதுவரை அது உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொண்ட வேலை, அதுவும் குறைந்த சம்பளத்துக்கு. கேள்வி அந்த நிலை வரைக்கும் எப்படித் தாக்குப்பிடிப்பது என்பதுதான்.

தம்பிக்கு நான் சொல்வது இது. முதல் தீபத்துக்கு வேலையை விடாதே. வீட்டில் ஒருவரோ நண்பரோ சேர்ந்து, கூலிச் சூளையில் மாதம் இரண்டாயிரம் விளக்கு மட்டும் சுட்டுப் பார். நோட்டில் இரண்டே எண்களை எழுது: நூற்றுக்கு எத்தனை உடைந்தது, கொடுத்த சரக்குக்கு எத்தனை நாளில் பணம் வந்தது. இரண்டு பருவம் எழுதினால் தெரிந்துவிடும். சேதாரம் 15-க்குள் நின்று, தீபம் இல்லாத மாதங்களுக்கும் எடுக்கும் ஒரு வாடிக்கையாளர் எழுத்தில் கிடைத்து, நான்கு மாதச் செலவும் வீட்டுச் செலவும் கையில் தனியாக இருந்தால் விடு. மூன்றில் ஒன்று குறைந்தாலும் இரு.

அடுத்து கடன். அரசுத் திட்டங்களைப் பயன்படுத்துங்கள், அது நம் உரிமை. ஆனால் அவை எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்து போங்கள். பிஎம்இஜிபி திட்டத்தில் ஐந்து லட்சத்துக்கு யூனிட் என்றால், பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் போட வேண்டிய சொந்தப் பணம் 5 விழுக்காடு, அதாவது 25,000. மானியம் நகரத்தில் 25 விழுக்காடு, கிராமத்தில் 35. விருத்தாசலம் நகராட்சிக்குள் போட்டால் 1,25,000, பக்கத்து ஊராட்சியில் போட்டால் 1,75,000. கொட்டகையை எங்கே எடுப்பது என்பதிலேயே 50,000 ரூபாய் இருக்கிறது. ஆனால் அந்த மானியம் உங்கள் கைக்கு வராது. வங்கியில் உங்கள் பெயரில் மூன்று வருடம் வைப்பாகக் கிடந்து, யூனிட் ஓடிக்கொண்டிருந்தால் கடனில் கழியும். மானியத்தை நம்பி ஐப்பசிக் கூலி கொடுக்க முடியாது. தமிழ்நாடு அரசு 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 35 விழுக்காடு மானியத்தோடு வட்டியிலும் 6 விழுக்காடு மானியம் உண்டு. இரண்டையும் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்கு போடுங்கள்.

வியாபாரி பணம் தரவில்லையென்றால் சட்டம் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குமேல் இழுக்கக் கூடாது. இழுத்தால் வங்கி விகிதத்தின் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனால் சரக்கு அனுப்பும் முன்பே உத்யம் பதிவு வேண்டும், பில் வேண்டும், பெற்றுக்கொண்ட கையெழுத்து வேண்டும். உடைசலை எத்தனை நாளுக்குள் சொல்ல வேண்டும் என்று பில்லிலேயே எழுதுங்கள். எனக்கு அந்த ஒரு வரி இருந்திருந்தால் இரண்டு வருடம் மிஞ்சியிருக்கும். ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: வழக்குப் போட்ட வியாபாரி அடுத்த வருடம் உங்களிடம் வர மாட்டார். ஒரே வியாபாரியை நம்பியிருப்பவருக்கு அந்தச் சட்டம் காகிதம்தான். மூன்று பேருக்கு விற்பவருக்குத்தான் அது ஆயுதம்.

கடைசியாக ஒன்று. தமிழ்நாட்டில் தொழிலில் ஏறி வந்த சமூகங்களில் நாடார்களைச் சொல்கிறோம். ஒவ்வொருவரும் தனியாகத் துணிந்து ஏறவில்லை. வியாபாரத்தில் ஒரு பங்கை மகமையாக ஊர்ப் பொதுவில் போட்டார்கள். பேட்டைகள் கட்டினார்கள். 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கினார்கள், இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். மாமன் முறை கொடுக்கும் அந்த இரண்டு மாதக் கடனை அவர்கள் நிறுவனமாகக் கட்டிக்கொண்டார்கள். சாதி எல்லைக்குள் நின்ற ஏற்பாடு அது. நாம் அதன் எல்லையை எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, கணக்கை எடுத்துக்கொள்ளலாம். இங்கே பத்துப் பேர் இருக்கிறீர்கள். பத்துப் பேரும் தனித்தனியாக ரொக்கம் வைத்து மண் வாங்குவதற்குப் பதில் ஒரே லோடாக வாங்கினால் கடன் கேட்கும் பலம் வரும். மாதம் ஆளுக்கு ஆயிரம் போட்டால் ஆறு மாதத்தில் 60,000. நம் தம்பிக்கும் அந்த இன்னொருவருக்கும் இடையில் இருந்த தொகை அதுதான். அதைச் சம்பளத்தில் இருக்கும்போதே போட முடியும். வேலையை விட்ட பிறகு போட முடியாது.

தம்பி, உன் கேள்விக்கு என் பதில்: இந்த ஐப்பசிக்கு வேலையில் இரு, இரண்டாயிரம் விளக்கு சுடு, நோட்டைத் தையில் என்னிடம் கொண்டு வா. உட்கார்ந்து பார்ப்போம்.